காதில் விழுந்ததும் தேடக்கூடிய பெயர்

யூடியூபில் நேரலையாக விளையாடும் ஒருவருடைய சேனலுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மேலே பெரிதாகத் தெரிவது சேனல் பெயர். அதை எந்த எழுத்திலும் எழுதலாம், ஒரே பெயரைப் பலரும் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே @ குறியோடு வருவது ஹேண்டில். யூடியூப் இதை 2022 அக்டோபரில் கொண்டுவந்தது. ஒரு ஹேண்டில் ஒரு சேனலுக்கு மட்டுமே உரியது, 3 முதல் 30 எழுத்துகள் வரை இருக்கலாம். ட்விட்ச் தளத்தில் பயனர்பெயர் 4 முதல் 25 எழுத்துகள். ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் அங்கே ஏற்பதில்லை. இரண்டு தளங்களிலுமே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கணக்கில் வராது.

இந்தப் பெயர் பெரும்பாலும் கண் வழியாகப் பரவுவதில்லை. ஒரு போட்டியில் வர்ணனையாளர் கில் ஃபீடில் ஓடும் பெயரைப் படித்துக் கத்துகிறார். அதைக் கேட்டவர் தன் நண்பரிடம் வாயால் சொல்கிறார். நண்பர் கைப்பேசியை எடுத்துத் தேடல் பெட்டியில் தட்டுகிறார். வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து விரலுக்கும் போகும் இந்த வழியில் ஓர் எழுத்து மாறினாலும் தேடியவர் வேறொரு சேனலில் போய் நிற்பார். அதனால் ஹேண்டில் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது ஒலி. அழகு அதற்குப் பிறகுதான்.

ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஆபத்தான அளவு நெருக்கமானவை. B, C, D, E, G, P, T, V ஆகிய எட்டும் ஒரே ‘ஈ’ ஓசையில் முடிகின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் ஒரு நொடியின் சிறு பகுதி மட்டும் ஒலிக்கும் மெய் ஓசை. M, N இரண்டும் மூக்கொலிகள். F, S இரண்டையும் வேறுபடுத்தும் ஓசை மிக உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியதால் இந்த இரண்டு எழுத்துகளும் அதில் அடிக்கடி குழம்பின. முன்பதிவு எண்ணைத் தொலைபேசியில் சொல்லும்போது ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்று சொல்லும் வழக்கம் இந்தச் சிக்கலால் வந்ததுதான். விமானிகளுக்கான ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை 1956-இல் நடைமுறைக்கு வந்ததும் இதே காரணத்தால்தான். விளையாட்டின் குரல் அரட்டையில் ஒலி சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அதன்மேல் துப்பாக்கிச் சத்தமும், மலிவான மைக்கில் விழும் மின்விசிறி இரைச்சலும் சேரும்போது மெல்லிய மெய்கள் முதலில் மறைந்துவிடும்.

எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிய பெயர் இந்தச் சூழலில் பிழைப்பது அரிது. PDB என்று ஒருவர் பெயர் வைத்தால் அவருடைய ரசிகர்கள் அதை BTP என்றும் TDB என்றும் தேடுவார்கள். விதிவிலக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த xQc என்ற ஸ்ட்ரீமரின் பெயரும் எழுத்தெழுத்தாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் எக்ஸ், கியூ, சி என்ற மூன்றும் வெவ்வேறு ஓசைகள். அதனால் அது காதில் தெளிவாக நிற்கிறது.

எண்களிலும் கவனம் தேவை. பெயரின் முடிவில் 07 இருந்தால் ஒருவர் ‘ஜீரோ செவன்’ என்பார், இன்னொருவர் ‘ஓ செவன்’ என்பார். 13-உம் 30-உம் வேகமான பேச்சில் ஒன்றாகிவிடும். எழுத்துக்குப் பதிலாக எண்ணை நுழைப்பது இன்னும் மோசம். டென்மார்க்கின் டோட்டா வீரர் N0tail தன் பெயரில் O இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை வைத்திருக்கிறார். வர்ணனையில் அது கேட்கவே கேட்காது. அவர் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ‘தி இன்டர்நேஷனல்’ பட்டத்தை வென்றவர். எப்படித் தட்டினாலும் தேடுபொறி அவரிடமே கொண்டுபோய் விடும். பத்துப் பேர் பார்க்கும் புதிய சேனலுக்கு அந்த வசதி கிடையாது. கண்ணுக்கும் இதே குழப்பம் உண்டு. O-வும் பூஜ்யமும், I-யும் 1-உம் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இந்திய வாகனப் பதிவு எண் வரிசையில் I, O எழுத்துகளையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

N0tail-இன் அணித் தோழர் ஒருவர் வெகுகாலம் 7ckngMad என்ற பெயரில் விளையாடினார். உயிரெழுத்தே இல்லாத அந்த முற்பாதியை எந்த வர்ணனையாளரால் சண்டைக்கு நடுவில் சொல்ல முடியும்? பின்னர் அவர் Ceb ஆனார். ஒரே அசை, ஒரே உச்சரிப்பு. வர்ணனைக்கு ஏற்ற பெயர் என்பது இதுதான்: இரண்டு மூன்று அசைகளுக்குள் அடங்க வேண்டும், உயிர் ஓசைகள் தெளிவாக இருக்க வேண்டும், முதல்முறை பார்ப்பவரும் ஒரே விதமாகப் படிக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லை ஹேண்டிலாக வைக்க நினைப்பவருக்கு இன்னொரு தடை இருக்கிறது. இதைப் பலர் பெயரைப் பதிவு செய்த பிறகே உணர்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் புழக்கத்தில் இல்லை. ‘தமிழன்’ என்ற சொல்லையே tamilan, tamizhan, thamilan, thamizhan என்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். குழப்பம் எங்கெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ழகரம் zh, l, z என மூன்றாகும். தகரம் t ஆகவும் th ஆகவும் வரும். நெடிலை ஒருவர் aa என்பார், இன்னொருவர் a-வோடு நிறுத்திக்கொள்வார். ககரம் k-யா g-யா என்பது தமிழ் எழுத்தைப் பார்த்தால் தெரியாது. 2004-இல் வந்த விஜய் படத்தின் பெயரை ஆங்கிலத்தில் Ghilli என்று எழுதினார்கள். அவ்வளவு புகழ்பெற்ற பெயரையே இன்றும் பலர் gilli என்றுதான் தட்டுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பி.ஜி.எம்.ஐ. விளையாடும் ஒருவர் ‘வேழம்’ என்ற பெயரை விரும்புகிறார் என்று கொள்வோம். கம்பீரமான சொல், இரண்டே அசை, சொல்லவும் எளிது. ஆனால் ‘வே’ என்பதை ve, vae, vee என்று மூன்று விதமாக எழுதலாம். ‘ழ’வுக்கு மேலே சொன்ன மூன்று. பெருக்கினால் ஒன்பது எழுத்துக்கூட்டல்கள் கிடைக்கும், அவற்றில் எட்டு அவருக்கு உரியவை அல்ல. போதாததற்கு vezham ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் அவர் xX_Vezham07_Xx என்று போகத் தோன்றும். இதைக் கேட்பவர் காதில் ‘வேழம்’ மட்டுமே விழும். மற்ற எல்லாம் தேடுபவருக்குத் தெரியாத சுமை.

அவர் அடுத்து ‘மின்னல்’ என்ற சொல்லை எடுக்கிறார். பெரும்பாலோர் minnal என்றே எழுதுவார்கள் என்பதால் எழுத்துக்கூட்டல் சிக்கல் இல்லை. ஆனால் தேடினால் 2021-இல் வந்த ‘மின்னல் முரளி’ படம்தான் திரையை நிறைக்கும். நன்கு அறிந்த ஒற்றைச் சொல் எதுவானாலும் இதே கதைதான். பி.ஜி.எம்.ஐ. வீரர் ஜோனதன் தன் சொந்தப் பெயரிலேயே விளையாடுகிறார். உலகில் ஜோனதன்கள் ஏராளம், அவருடைய சேனலோ Jonathan Gaming என்ற பெயரில்தான் இருக்கிறது. சொல்லைத் தெரிந்தே பிழையாக எழுதித் தனித்துக் காட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். thundr என்று தட்டினால் தேடுபொறி அதைத் தட்டுப்பிழை என்று எடுத்துக்கொண்டு thunder-க்கான முடிவுகளைக் காட்டிவிடக்கூடும்.

எளிய வழி, எல்லோரும் ஒரே விதமாக எழுதும் இரண்டு சொற்களை இதுவரை யாரும் சேர்க்காத வகையில் சேர்ப்பது. CarryMinati என்ற பெயரில் அறியப்படும் யூடியூபர் முதலில் AddictedA1 என்றும், பிறகு CarryDeol என்றும் இருந்தவர். இன்றைய பெயரைத் தேடினால் வேறு எதுவும் குறுக்கே வராது. நம் எடுத்துக்காட்டில் வருபவர் இதே வழியில் ‘உடும்பு’ என்ற சொல்லுக்கு வருகிறார். அதில் ழகரம் இல்லை, நெடில் இல்லை, ககரமும் இல்லை. எழுதுவோர் பெரும்பாலும் udumbu என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பெயரில் ஒரு மலையாளப் படம் இருப்பதால் தனியாக வைக்க முடியாது. முன்னால் ‘ராக்கெட்’ சேர்த்தால் RocketUdumbu ஆகிறது. rocket என்பதை யாரும் பிழையாக எழுதமாட்டார்கள். வர்ணனையாளர் அவசரத்தில் ‘உடும்பு’ என்று மட்டும் சுருக்கினாலும் பெயர் சிதையாது. நீளம் 12 எழுத்து. ரயட் நிறுவனத்தின் விளையாட்டுகளில் பெயருக்கு 16 எழுத்து வரைதான் இடம், அதற்குள்ளும் இது அடங்கும்.

விளையாட்டுக்குள் வைக்கும் பெயரைச் சிலர் 亗 போன்ற குறிகளாலும், கண்ணுக்குத் தெரியாத வெற்று எழுத்தாலும், வளைந்த கணித எழுத்துகளாலும் அலங்கரிப்பார்கள். ஸ்ட்ரீமருக்கு இது நட்டம். பார்வையாளரின் விசைப்பலகையில் அந்தக் குறி இருக்காது, வர்ணனையாளர் அதைத் தாண்டித்தான் படிப்பார். அலங்காரம் வேண்டுமானால் அதை நீக்கிய பிறகு எஞ்சும் ஒலி ஹேண்டிலோடு பொருந்த வேண்டும். அணியில் உள்ள மற்றவர்களின் பெயரையும் பார்க்க வேண்டும். ஒருவர் ‘நண்டு’, இன்னொருவர் ‘மண்டு’ என்றால் சண்டைக்கு நடுவில் யாரை அழைக்கிறார்கள் என்பது யாருக்கும் புரியாது.

முடிவு செய்யுமுன் ஒரு சோதனை போதும். அந்தப் பெயரை இதுவரை கேட்டிராத ஐந்து பேரிடம், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது குரல் அரட்டையில் ஒரே ஒரு முறை, சாதாரண வேகத்தில் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிக் காட்டக் கூடாது. ஐவரும் அதைத் தேடல் பெட்டியில் தட்டட்டும். நால்வர் ஒரே விதமாகத் தட்டினால் பெயர் தேறும். ‘என்ன சொன்னே?’ என்று இருவர் திருப்பிக் கேட்டால் சிக்கல் ஒலியில். தயங்காமல் தட்டி வெவ்வேறாக எழுதியிருந்தால் சிக்கல் எழுத்துக்கூட்டலில். சரியாகவே தட்டியும் வேறு சேனல்கள் வந்தால் சொல் மிகப் பொதுவானது. மூன்றுக்கும் மருந்து வேறு: முதலாவதற்குச் சொல்லையே மாற்ற வேண்டும், இரண்டாவதற்குப் பெரும்பாலோர் எழுதிய கூட்டலை ஏற்றுக்கொள்ளலாம், மூன்றாவதற்கு இன்னொரு சொல்லைச் சேர்க்கலாம்.

தேறிய பெயரை யூடியூப், ட்விட்ச், இன்ஸ்டாகிராம், டிஸ்கார்ட் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே நாளில் பதிவு செய்வது நல்லது. ஒன்றில் கிடைக்காமல் அங்கே மட்டும் அண்டர்ஸ்கோர் சேர்த்தால், வாயால் சொல்லும்போது அந்தக் கோடு தொலைந்துபோகும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் எளிதல்ல. யூடியூபில் 14 நாளுக்குள் இரண்டு முறை ஹேண்டிலை மாற்றலாம், பழைய ஹேண்டில் 14 நாள் மட்டும் காத்து வைக்கப்படும். ட்விட்ச்சில் 60 நாளுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். அங்கே பழைய முகவரி புதிய சேனலுக்குத் திருப்பிவிடப்படுவதில்லை. ஆகவே நண்பர்கள் பகிர்ந்த இணைப்புகளையும் பழைய வீடியோக்களின் விளக்கக் குறிப்பில் இருக்கும் முகவரிகளையும் ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும்.