மலைப் பக்கம் சாய்ந்த படிகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி, என் மாமா மூன்று ஏக்கர் மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஈப்போவிலிருந்து அங்கே போகும்போதெல்லாம் பாட்டியும் எங்களோடு வந்துவிடுவார். இளம் வயதில் பக்கத்து மலையில் பால் வெட்டியவர் அவர். இப்போது எழுபது வயதைத் தாண்டியும் சரிவில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

கடந்த விடுமுறையில் மாமாவின் நிலத்தில் ஒரு சிக்கல் வந்தது. மலையில் முன்பே வெட்டியிருந்த பழைய படிகளில்தான் அவர் டுரியான் கன்றுகளையும், இடையில் இஞ்சியையும் நட்டிருந்தார். மேல்படிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டு மாத மழைக்குப் பிறகு, கீழ்ப்படிகள் நான்கில் மண் அரித்து நடுவே ஓடைபோல் பள்ளம் விழுந்திருந்தது. கன்றுகளின் வேர்கள் வெளியே தெரிந்தன. ஒரே மலை, ஒரே மழை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பாட்டி ஒரு படியில் நின்று காலால் தரையை உரசிப் பார்த்தார். "மழைத்தண்ணி மலையைப் பாத்துத்தான் நிக்கணும்டா. இது பள்ளத்தைப் பாக்குது" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிய அரை நாள் ஆனது.

படிக்கட்டு விவசாயம் என்றால் பலருக்கும் பிலிப்பைன்ஸின் நெல் வயல்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே படிகள் மட்டமானவை; வெளி ஓரத்தில் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். ரப்பர் படி அப்படியன்று. அது ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமுள்ள பாதைபோல, மலையைச் சுற்றி ஒரே உயரத்தில் செல்லும். அதன் தரை மட்டமாக இருக்காது. உள்பக்கம், அதாவது மலையின் அடிப்பக்கம், தாழ்ந்திருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் வெளி ஓரத்தைத் தாண்டாமல் உள்மூலையில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அரிப்பைத் தடுப்பது இதுதான். சரிவில் ஓடும் தண்ணீர் தூரம் கூடக்கூட வேகமும் அளவும் பெறுகிறது. வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை இயற்பியலில் படித்திருப்பீர்கள். நூறு மீட்டர் நீளச் சரிவை எட்டு மீட்டருக்கு ஒரு படியாக வெட்டினால், தண்ணீர் எட்டு மீட்டர் ஓடியதும் நின்றுவிடும். வேகம் எடுக்க அதற்கு இடமே இல்லை.

அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. கட்டுமானத் தொழிலாளர்கள் மட்டம் பார்க்கும் முறையில், ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வெளி ஓரத்திலும் மறு முனையை உள்மூலையிலும் பிடித்தோம். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கிருந்து தரைவரை உள்ள உயரத்தை அடிக்கோலால் அளந்தால் எது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மேல்படிகளில் உள்பக்கம் 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கீழ்ப்படிகளில் எட்டே சென்டிமீட்டர்தான். ஓரிரு இடங்களில் வெளிப்பக்கமே தாழ்ந்து கிடந்தது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டேன். படியின் குறுக்குவெட்டு ஒரு முக்கோணம். அகலம் இரண்டு மீட்டர், தாழ்வு 0.3 மீட்டர் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது 300 லிட்டர் தண்ணீரைத் தாங்கும். தாழ்வு எட்டு சென்டிமீட்டராகக் குறைந்தால் 80 லிட்டர்தான். இனி மழை. நம் பக்கத்து மாலை இடிமழை ஒன்று 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு மீட்டர் நீளப் படிக்கும் 400 லிட்டர் வந்து சேரும். பாதி மண்ணில் ஊறிவிட்டாலும் மீதி 200 லிட்டர். மேல்படி அதைத் தாங்கிக்கொள்ளும். கீழ்ப்படியிலோ 120 லிட்டர் வழிந்து அடுத்த படியில் விழும். அந்தப் படியும் நிரம்பியிருந்தால், இரண்டின் தண்ணீரும் சேர்ந்து மூன்றாவதை உடைக்கும்.

தாழ்வு ஏன் குறைந்தது? மேலிருந்து சரிந்த மண் ஆண்டுக்கணக்கில் உள்மூலையில் படிந்திருந்தது. போதாக்குறைக்கு, கீழ்ப்படிகளை மோட்டார் சைக்கிள் பாதையாகப் பயன்படுத்தி வெளி ஓரத்தை மிதித்துத் தாழ்த்தியிருந்தார்கள். இன்னொன்றையும் பாட்டி காட்டினார். மேல்படிகளில் சில மீட்டருக்கு ஒன்றாக, வெட்டாமல் விட்ட சிறு மண்மேடு குறுக்கே இருந்தது. தண்ணீர் படியின் நீளவாக்கில் ஓடாமல் தடுப்பது அது. கீழே அந்த மேடுகளை வண்டிக்காகச் சமன் செய்துவிட்டார்கள். எனவே தண்ணீர் படியோரமாகவே ஓடி, தாழ்வான ஓர் இடத்தில் ஒன்றுகூடி உடைத்தது. பள்ளம் விழுந்தது அங்கேதான்.

பயிரின் பங்கும் இதில் உண்டு. படி வெட்டும்போது மேல்மண் புரட்டப்பட்டு, உள்பக்கம் சத்து குறைந்த செம்மண் வெளிப்படுகிறது. அதில் காய்கறி எளிதில் தேறாது. ஆண்டுதோறும் மண்ணைக் கிளறவும் வேண்டும். இஞ்சியும் மரவள்ளியும் இன்னும் மோசம். அறுவடை என்றாலே மண்ணைத் தோண்டிப் புரட்டுவதுதான். அப்படிப் புரட்டிய மண் மழையில் உடனே கரையும்.

படிக்கு ஏற்றவை நீண்ட காலம் நிற்கும் மரங்கள்: ரப்பர், செம்பனை, டுரியான். ஆனால் மரம் மட்டும் போதாது. உயரமான கிளைகளிலிருந்து சொட்டும் துளிகள் வெறுந்தரையை அடித்து மண்ணைச் சிதறடிக்கும். தொடக்க கால ரப்பர் தோட்டங்களில் களை ஒன்றுகூட இல்லாமல் தரையைத் துடைத்து வைத்ததால் மேல்மண் பெருமளவு அடித்துச் செல்லப்பட்டது. பிறகுதான் பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா போன்ற படரும் மூடுபயிர்களை விதைக்கத் தொடங்கினார்கள். அவை அவரைக் குடும்பத்தவை; தரையை மூடுவதோடு மண்ணுக்கு நைட்ரஜனும் தரும். செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளைப் படியின் வெளி ஓரத்தில் அடுக்குவதும் இதே நோக்கத்துக்காகத்தான். கன்று வளரும் முதல் சில ஆண்டுகளில் ஊடுபயிராக அன்னாசியை வெளி ஓரத்தில் நெருக்கமாக நட்டால், அது வேலிபோல் மண்ணைப் பிடிக்கும், வருமானமும் வரும்.

டுரியானுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் வேர்கள் தேங்கிய நீரில் அழுகிவிடும். தண்ணீர் நிற்கும் உள்மூலையில் அதை நடக்கூடாது. நடுவிலோ வெளிப்பக்கமாகவோ சிறு மேட்டில் வைக்க வேண்டும். படிகளால் முடியாததும் உண்டு. சரிவு மிகச் செங்குத்தானால், மலேசியாவில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 25 பாகை, அதற்கு மேல் படியின் பின்சுவர் உயரமாகிச் சரியத் தொடங்கும். ஆழமான நிலச்சரிவைப் படிகள் தடுக்காது. மாறாக, அவை மண்ணுக்குள் இறக்கும் தண்ணீர் மலையின் பாரத்தைக் கூட்டும்.

மாமா இஞ்சியை அடிவாரத்துச் சமநிலத்துக்கு மாற்றினார். நாங்கள் மூவரும் மண்வெட்டியோடு உள்மூலைகளில் படிந்த மண்ணை வெட்டி வெளி ஓரத்தில் போட்டு, குறுக்கு மேடுகளையும் கட்டினோம். நான்கு படிகளுக்கு ஆறு நாள் பிடித்தது. பாட்டி வெட்டியதைவிட எங்களைத் திட்டியதுதான் அதிகம்.

அடுத்த பெரிய மழைக்குப் பின் போய்ப் பார்த்தேன். உள்மூலையில் பழுப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மறுநாள் காலை மூன்று படிகளில் அது ஊறிப்போயிருந்தது. நான்காவதில் மட்டும் இரண்டு நாள் தேங்கியது. அங்கே மூலையருகே நின்ற இரண்டு டுரியான் கன்றுகளைப் பிடுங்கி, ஓரத்தில் மேடு போட்டு நட்டுவிட்டு வந்தோம்.