அத்தை வழியிலும் வரும்

மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்ணிடம், "உங்க அம்மாவுக்கு இருந்துச்சா? அம்மாகூடப் பிறந்தவங்களுக்கு?" என்று கேட்பதோடு டாக்டர்கள் நிறுத்திக்கொள்வது இன்னும் நடக்கிறது. அது பாதிக் கேள்விதான். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயில் முக்கியமான பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களில் உள்ள பழுது அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். அப்பாவிடம் அது நோயாக வெளிப்படாமலே இருந்திருக்கலாம். அதனால் அத்தையைப் பற்றியும் அப்பாயியைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் சரிசெய்வது இந்த மரபணுக்களின் வேலை. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் பழுதாகும்போதுதான் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு மாற்றம் உண்டு. பி.ஆர்.சி.ஏ.1-ல் இரண்டே எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் அது. பழைய பெயர் 185delAG, இன்றைய ரிப்போர்ட்டில் c.68_69delAG என்று இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் பரவலாக இருப்பதால் உலகம் முழுக்க அறியப்பட்டது. இதே மாற்றம் ஓர் இந்தியக் குடும்பத்தில் யூதத் தொடர்பு இல்லாமல் தனியாகவே உருவாகியிருப்பதாக 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய நோயாளிகளைச் சோதித்து 2018-ல் வெளியான ஆய்விலும் அதிகமாகத் தென்பட்டது இதுதான்.

தேவதானத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போகும் 38 வயதுப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய். ரத்தம் எடுத்துச் சோதித்ததில் மேலே சொன்ன மாற்றம் இருக்கிறது. அம்மா 60 வயதில் நலமாக இருக்கிறார். அப்பா விபத்தில் இறந்துவிட்டார். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, 'வயிற்றுக் கட்டி' வந்து ஐம்பது வயதுக்குள் போய்விட்டார். வயிறு ஊதிக்கொண்டே போனது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ. மாற்றத்தின் இன்னொரு முகம் அது.

முதலில் சோதிக்க வேண்டியது அம்மாவை. புதிதாக எல்லா மரபணுக்களையும் தேட வேண்டியதில்லை. அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அதற்கு மகளின் ரிப்போர்ட் நகல் கையில் இருக்க வேண்டும். வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு லேபில் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவுக்கு மாற்றம் இல்லை என்று வந்தால், அது அப்பா வழி வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது தேட வேண்டியது தம்பி, சித்தப்பா, அத்தையின் பிள்ளைகள். தாய்மாமனுக்கும் சித்திக்கும் அந்தக் கவலை இல்லை.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். தம்பி கட்டியிருப்பது அந்த அத்தையின் மகளை. தம்பிக்கு மாற்றம் இருக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு. அத்தைக்கு இருந்திருந்தால் அவர் மகளுக்கும் அதே ஐம்பது. வெளிநாட்டுப் புத்தகத்தில் 'சகோதரருக்கு இல்லை என்றால் அவர் பிள்ளைகளுக்கும் இல்லை' என்று எழுதியிருக்கும். இங்கே அது செல்லாது, தாய் வழியாகவும் வர முடியும். இருவருக்கும் ஒரே மாற்றம் இருந்தால் குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.1-ல் அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்காது. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோயோடு குழந்தை பிறக்கக்கூடும். ஆகவே உறவில் கல்யாணம் நடந்த குடும்பத்தில் தம்பி, தம்பி மனைவி இருவரையும் சோதிக்க வேண்டும். மரபணு ஆலோசகரிடம் வம்சாவளி சொல்லும்போது, யார் யாரைக் கட்டினார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நோயாளியின் 14 வயது மகளை இப்போது சோதிக்க வேண்டாம். 25 வயதுக்கு முன்னால் அவளுக்கென்று செய்ய வேண்டியது எதுவும் கிடையாது. 18 தாண்டியபின் சோதிப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. மாற்றம் இருப்பவர்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-க்குப் பிறகு மேமோகிராமும் சேர்த்து என்பது உலக அளவிலான பரிந்துரை. சினைப்பைக்கு நம்பகமான முன்சோதனை இல்லாததால், குழந்தைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இனி கணிப்பின் எல்லை. பல நாட்டுக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வருகின்றன. இருவகையும் ஒருவருக்கே வரலாம். இந்த எண் கூட்டத்தைப் பற்றியது. தேவதானத்துப் பெண்ணுக்கு ஒரு தங்கையும் இருந்து, அவளுக்கும் அதே மாற்றம் இருந்தால், நோய் வருமா, 35-லா 70-லா என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டினர், நோய் நிறைய வந்த குடும்பத்தினர். நம் ஊர்ப் பெண்களுக்கு இதே எண் அப்படியே பொருந்தும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

'நெகட்டிவ்' என்பதும் ஒரே பொருள் தருவதில்லை. குடும்பத்தில் கண்டுபிடித்த மாற்றம் உங்களுக்கு இல்லையென்றால், மற்றப் பெண்களுக்குள்ள சாதாரண அபாயம் மட்டுமே மிச்சம். நோயுற்ற யாரையும் சோதிக்காமல் நேராக உங்களுக்குச் சோதித்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. குடும்பத்து நோய்க்குக் காரணம் அந்தச் சோதனை பார்க்காத மரபணுவாக இருக்கலாம். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு, 'வி.யு.எஸ்.'. மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா என்று தெரியவில்லை என்று அர்த்தம். ஒப்பிட வேண்டிய தரவு பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது என்பதால் இந்தப் பதில் நம்மவர்களுக்கு அதிகம் வருகிறது. இதை வைத்து உறவினரைச் சோதிப்பதோ, மார்பை எடுப்பதோ கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து லேபில் மறுபரிசீலனை கேட்கலாம்.

உறவினருக்குச் சொல்வது நோயாளியின் கையில்தான் இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் டாக்டர் சித்தப்பாவுக்கு ஃபோன் செய்யக் கூடாது. மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்து ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு விலை கொடுப்பது அத்தையின் மகள். பெயர் போடாமல், மாற்றத்தின் சரியான பெயரும் 'அப்பா வழி' என்ற குறிப்பும் உள்ள ஒரு கடிதத்தை ஆலோசகரிடமே வாங்கி வயதுவந்த உறவினர்களுக்குக் கொடுக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கதை வேறு. மரபணு நோய் என்று காரணம் காட்டி மெடிக்ளெய்ம் பாலிசியில் விலக்கு வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இது மருத்துவக் காப்பீட்டுக்கு, ஆயுள் காப்பீட்டுக்கு அல்ல. விண்ணப்பத்தில் கேட்டதை மறைத்தால் அதை வைத்தே கிளெய்மை மறுப்பார்கள், அதனால் கேட்டதற்கு உள்ளபடி பதில் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.