ரீசார்ஜ் பண்ண காசு தானா குறையுதா? காலர் டியூன், அலர்ட் சேவைகளை நிறுத்துவது எப்படி?

கீழ் கோத்தகிரியில் தேயிலை பறிக்கப் போகும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். கையில் பட்டன் போன். பேசுவதற்கு அன்லிமிடெட் பேக் இருக்கிறது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கூடுதலாக 100 ரூபாய்க்கு டாப்-அப் போடுகிறார். வரி, கட்டணம் எல்லாம் போக மெயின் பேலன்ஸில் ஏறுவது 81.75 ரூபாய். அவருக்கே தெரியாமல் ஒரு ஜோசிய அலர்ட் நாளுக்கு 3 ரூபாய் எடுக்கிறது என்றால், 27 நாளில் அந்தக் காசு காலி.

பேக் வேலிடிட்டி அப்படியே இருப்பதால் போன் பேசுவதில் எந்தத் தடையும் வராது. அதனால்தான் பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை. இந்தச் சேவைகள் கை வைப்பது பேக்கில் இல்லை, மெயின் பேலன்ஸில்!

நாம கேட்காமலே எப்படி வருது?

பெரும்பாலும் ஒரு பட்டன்தான் காரணம். ஒருவருக்கு போன் போடும்போது, "இந்தப் பாட்டை உங்கள் காலர் டியூனாக வைக்க ஸ்டாரை அழுத்தவும்" என்று குரல் வரும். குழந்தைகள் கையில் போன் இருந்தால் கதை முடிந்தது. இன்னொன்று, திரையில் திடீரென்று வந்து நிற்கும் பாப்-அப் செய்தி. அதை மூடுவதாக நினைத்து 'ஓகே' அழுத்தினால், சேவைக்கு முதல் சம்மதம் கொடுத்ததாகிவிடும்.

முதல் சம்மதம் மட்டும் போதாது என்கிறது டிராய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் போட்ட உத்தரவுப்படி, வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் உறுதி வாங்கிய பிறகுதான் காசு எடுக்க வேண்டும். சேவையின் பெயர், கட்டணம், நிறுத்தும் வழி ஆகியவற்றையும் எஸ்எம்எஸ்ஸில் சொல்ல வேண்டும். அதனால், விளம்பரம் என்று நினைத்து அழிக்கும் எஸ்எம்எஸ்களை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நிறுத்த ஒரே நம்பர்: 155223

எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் இந்த நம்பர் பொது. கட்டணம் கிடையாது. சந்தேகம் உள்ள அதே சிம்மில் இருந்து அழைக்க வேண்டும் என்பது முக்கியம். என்னென்ன சேவை ஓடுகிறது என்பதைக் கேட்டு, வேண்டாததை நிறுத்தச் சொல்லலாம். போன் பேசத் தயக்கம் என்றால் STOP என்று டைப் செய்து 155223-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். சேவைகளின் பட்டியல் வந்தால், அதில் சொல்லும் எண்ணைப் பதிலாக அனுப்புங்கள்.

நிறுத்திவிட்டதாக எஸ்எம்எஸ் வரும் வரை விடாதீர்கள். மலைச்சரிவில், தோட்டத்துக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் எஸ்எம்எஸ் போகாமலே நின்றுவிடும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கு வந்து, போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த நாள் மெயின் பேலன்ஸை மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரு சின்ன குழப்பம்: நம் காலர் டியூன் நம் காதில் கேட்காது, நம்மை அழைப்பவருக்குத்தான் கேட்கும். வீட்டில் உள்ள வேறு போனில் இருந்து உங்கள் நம்பருக்கு அழைத்துப் பாருங்கள். பாட்டு கேட்டால் டியூன் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம்.

போன காசு திரும்ப வருமா?

இங்கே நேரம் முக்கியம். சேவை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள், "நான் கேட்கவே இல்லை" என்று சொல்லி நிறுத்தச் சொன்னால், எடுத்த காசைத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்த 2013 உத்தரவு. நாள் தள்ளிப்போனால் பணம் தானாக வந்துவிடாது, புகார்தான் வழி.

புகாருக்கு உங்கள் நிறுவனத்தின் 198-ஐ அழையுங்கள். இதுவும் இலவசம். எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று சொல்லுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. பதில் திருப்தி இல்லையா? 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

மறுபடி வராமல் இருக்க?

போனில் 'சிம் டூல்கிட்' என்ற மெனு இருக்கும். சில போன்களில் சிம் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். அதற்குள் போய், பாப்-அப் செய்தி அனுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. "காலர் டியூனை நிறுத்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது அழைத்தால் உடனே கட் பண்ணிவிடுங்கள். 155223-க்கு நீங்கள்தான் அழைக்க வேண்டும். இதை நிறுத்த ஓடிபியை யாரிடமும் சொல்லத் தேவையே இல்லை.