பத்தாம் பாட்டின் பழஞ்சொற்கள்

மார்கழி விடியலில் போடிநாயக்கனூர்ப் பெருமாள் கோவிலில் திருப்பாவை ஒலிக்கிற நேரத்தில்தான், ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஜீப்பில் ஏறி போடிமெட்டுப் பக்கம் புறப்படுகிறார்கள். ஏலக்காய் பறிப்பு நடக்கும் காலம் அது. ஆண்டாளின் பாட்டை இவர்களுக்கு இன்றைய தமிழில் சொல்ல ஒருவர் உட்கார்ந்தால், முதலில் தடுக்குவது பத்தாவது பாசுரமாகத்தான் இருக்கும்.

அந்தப் பாட்டில் உள்ள சொற்கள் நமக்குத் தெரிந்தவை போலவே தோன்றும். ஆபத்தே அதுதான். நாற்றம் அங்கே நறுமணம். இன்று முகத்தைச் சுளிக்க வைக்கும் சொல். மாற்றம் என்றால் மறுமொழி. ஆற்ற என்றால் மிகவும். கூற்றம் எமனைக் குறிக்கும். அனந்தல் போன்ற தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று, உறக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். தெரிந்த சொல்லோ தவறான பொருளோடு உள்ளே போய்விடும்.

அதற்காகப் பாட்டுக்குள் கைவைக்கலாகாது. எட்டு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ‘ற்’ ஆகவே எதுகை ஓடுகிறது. நாற்றத்தை எடுத்துவிட்டு வாசனையை வைத்தால் அந்த அடி தனியே அறுந்து நிற்கும். பாட்டை அப்படியே விட்டுக் கீழே உரை எழுதுவதே நம் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படி செய்ததும், சென்ற நூற்றாண்டில் காஞ்சிபுரம் அண்ணங்கராசாரியர் எளிய நடையில் உரை தந்ததும் அப்படித்தான்.

பாட்டின் ‘நாற்றத் துழாய்’ என்பதை உரையில் ‘மணம் கமழும் துளசி’ என்று எழுதலாம். வைணவர் வழக்கில் அது திருத்துழாய். ஆனால் தோட்டத்துப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் நிற்பது துளசி. அந்தப் பெயரால் சொன்னால் மரியாதை ஒன்றும் குறையாது.

பக்தி குலைவது பெரும்பாலும் வேறிடத்தில். தோழியர் வாசலில் நின்று, உள்ளே உறங்கும் பெண்ணை, கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுத் தன் தூக்கத்தைத் தந்துவிட்டுப் போனானா என்று கேலி செய்கிறார்கள். பயபக்தியோடு எழுதுவதாக எண்ணி இதைத் ‘தாங்கள் எழுந்தருள வேண்டும்’ என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அதில் சிநேகிதம் செத்துப்போகிறது. ‘எந்திரிடி’ என்றால் எல்லை தாண்டுகிறது. அதே பாட்டில் அவளை ‘அம்மனாய்’ என்றும், அரிய ஆபரணமே என்றும் கொண்டாடுகிறார்களே! ‘எழுந்து வந்து கதவைத் திற அம்மா’ என்பதில் உரிமையும் செல்லமும் இரண்டும் நிற்கும்.

பெருமாளை ‘அவர்’ என்பதா, ‘அவன்’ என்பதா? செய்தித்தாள் பழக்கத்தில் ‘அவர்’ எளிதாக வரும். நான் ‘அவன்’ பக்கம். ஆழ்வார்களும் உரைகாரர்களும் அவனை நெருங்கிய சொல் அது. ‘அவர்’ என்றதும் அவன் ஊர்ப்பெரிய மனிதராகிவிடுகிறான்.

எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டி, கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கேலியைச் சொல்லும்போது சிரித்து, துளசிமுடியானைச் சொல்லும்போது தானாகக் கை குவித்தால் அந்த உரையை அச்சுக்குத் தரலாம். கேலி அவர் வாயில் வசவாகத் திரும்பி வந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.