‘வௌி’ எப்படி ‘வெளி’ ஆகும்?

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால், ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது.

‘கொ’ அங்கே `nfh`: கொம்பு, க, கால். யூனிகோடிலோ முதலில் ‘க’, பிறகு ‘ொ’ குறி. அதனால் மாற்றி முதலில் மூன்றெழுத்துத் தொடர்களையும், அடுத்து ஈரெழுத்துத் தொடர்களையும், பின்பு தனியெழுத்துகளையும் மாற்ற வேண்டும்.

சிக்கல் `s` எழுத்தில். அதுவே ‘ள’; ‘கௌ’வின் பின்பாதியும் அதுவே. ‘கௌ’வுக்கான விதியைக் கண்மூடிப் பின்பற்றினால், `ntsp` ‘வெளி’ ஆகாமல் ‘வௌி’ ஆகிவிடும். ‘வெள்ளி’யும் ‘வௌ்ளி’ ஆகும். ‘ௌ’ குறிக்குப் பின் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ தமிழில் வராது. எனவே அந்த இணையைத் தேடினாலே இத்தகைய பிழைகள் சிக்கிவிடும்.

வரிகளைக் காக்க, கோப்பை வரிவரியாகப் படித்து மாற்றி, ஒவ்வொரு வரிமுறிவையும் வெற்று வரியையும் அப்படியே எழுத வேண்டும். பாடலில் அடி எங்கே முடிகிறது என்பதை அந்த முறிவுதான் சொல்கிறது. முடிந்ததும் இரு கோப்புகளின் வரி எண்ணிக்கையை ஒப்பிட்டு, சில பத்திகளை மூலத்தோடு படித்துப் பார்க்க வேண்டும். இடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களை முன்பே குறித்து ஒதுக்காவிட்டால், அவையும் பொருளற்ற தமிழாகிவிடும்.