வாங்கியவர் சொல்லும் நாம் அச்சிடும் சொல்லும்

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தயாரிக்கும் உணவுப் பண்டங்களின் உறைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும், வாங்கியவர்கள் அளித்த நற்சான்றுகளை அச்சிடும் வழக்கம் பெருகி வருகிறது. தன் பண்டத்தைத் தானே புகழ்வதைக் காட்டிலும், வாங்கி உபயோகித்தவர் வாயால் சொல்லக் கேட்பது பிறருக்கு நம்பிக்கை தரும் என்பது உண்மையே. ஆயினும், எந்த நற்சான்று நாம் கொடுத்த வாக்குறுதிக்குச் சான்றாக நிற்கும், எது நில்லாது என்பதைக் குழுவினர் பிரித்தறிவதில்லை. அதனை ஓர் உதாரணத்தின் மூலம் இங்கு ஆராய்வோம்.

சத்துமாவு செய்து விற்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி வறுத்து, கம்பு, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றுடன் சேர்த்து அரைக்கிறார்கள். உறையின் மேல் அவர்கள் அச்சிட்டிருக்கும் வாக்குறுதி இது: "முளைகட்டிய கேழ்வரகில் செய்தது, அரைத்த பத்து நாட்களுக்குள் உங்கள் கைக்கு வருவது." அதன் கீழே மூன்று நற்சான்றுகள். ஒருவர், "என் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கிறார்கள்" என்கிறார். மற்றொருவர், "கலப்படம் சிறிதும் இல்லாத மாவு" என்கிறார். மூன்றாமவர், "இரண்டு மாதத்தில் என் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது" என்கிறார்.

மூன்றாவதைச் சொன்ன அம்மையார் பொய் சொல்லவில்லை. தம் உடலில் கண்டதையே சொன்னார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவர் மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் உட்கொண்டிருப்பார், இரவில் சோற்றைக் குறைத்திருப்பார், நடந்தும் இருப்பார். இவற்றுள் எது பலன் தந்தது என்பதை அவரால் அறிய முடியாது, நம்மாலும் முடியாது. அவர் பேச்சாகச் சொன்னது, நம் உறையில் அச்சேறியதும் நம் கூற்றாகிவிடுகிறது. "நாங்கள் சொல்லவில்லை, வாங்கியவர் சொன்னார்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஓர் உணவுப் பண்டம் நோயைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்று, தனி அனுமதி இல்லாமல் விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய கேடு வேறொன்று உண்டு. அந்த வாசகத்தை நம்பி ஒருவர் தம் மாத்திரையை நிறுத்திவிடக் கூடும்.

"கலப்படம் இல்லாத மாவு" என்பதோ தீங்கற்றதாகத் தோன்றும். எனினும் அதைச் சொல்ல அவருக்கு என்ன வழி இருந்தது? அரைத்த மாவைப் பார்த்து, அதில் என்னென்ன தானியம் எந்த அளவில் சேர்ந்தது என்று ஒருவராலும் கூற இயலாது. கேழ்வரகு முளைகட்டப்பட்டதா என்பதும் அவ்வாறே. இவற்றுக்குச் சாட்சி வாங்கியவர் அல்லர். குழுவின் பதிவேடே சாட்சி. எந்த நாளில் எத்தனை கிலோ ஊறவைத்தோம், எப்போது உலர்த்தினோம், எப்போது அரைத்தோம் என்று அன்றன்றே எழுதிய ஏடும், சத்தின் அளவைச் சொல்வதாயின் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையும் வேண்டும். வாங்கியவர் சாட்சி சொல்லத் தக்கவை, அவர் கண்ணும் மூக்கும் நாவும் அறிந்தவை: கஞ்சி கட்டி தட்டியதா, வாடை எப்படி இருந்தது, அரைத்த நாளிலிருந்து எத்தனையாவது நாள் கைக்கு வந்தது, மறுமுறை வாங்கினாரா என்பவை. பிள்ளைகள் விரும்பிக் குடிப்பதும் இவ்வகையே. ஆனால் அது வாக்குறுதியின் எந்தப் பகுதியையும் மெய்ப்பிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, யாரைக் கேட்பது? வழக்கமாகச் சந்தையில் சிரித்த முகத்துடன் வந்து பாராட்டுபவரின் சொல்லே அச்சேறுகிறது. பிடிக்காதவர் திரும்பி வருவதில்லையாதலால், அவர் சொல் நம் காதில் விழுவதே இல்லை. எனவே நம் குழுவினர், கடந்த இரண்டு மாதங்களில் மாவு வாங்கிய 60 வீடுகளையும் விற்பனை ஏட்டைப் பார்த்து ஒன்றுவிடாமல் கேட்பதாகக் கொள்வோம். கேள்வியும் "மாவு நன்றாக இருந்ததா?" என்று இருத்தலாகாது; முகத்துக்கு நேரே "இல்லை" என்பவர் நம் ஊர்களில் அரிது. "எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? கடைசிப் பிடி மாவு எப்படி இருந்தது?" என்று கேட்கவேண்டும்.

48 வீட்டார் பதில் சொல்கிறார்கள். 41 பேருக்குக் குறையில்லை. 7 பேர், மாவில் சிக்கு வாடை அடித்தது என்கிறார்கள். ஏட்டைப் புரட்டினால் அவர்களில் 6 பேர் ஒரு கிலோ பொட்டலம் வாங்கி மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் என்பது தெரிகிறது. அரைக் கிலோ வாங்கியவர்களிடம் அந்தக் குறை ஒருவருக்கே உண்டு. காரணம் தேடுவது கடினமன்று. நிலக்கடலையின் எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் கெடும். அன்றியும், மாவு ஆலையிலிருந்து சூட்டோடு வந்ததை ஆறவிடாமல் கட்டினால், உறையின் உட்புறம் ஈரம் வியர்த்து மாவு கட்டிப்படும். குழுவினர் கடலையை விலக்கி, மாவைப் பரப்பி நன்றாக ஆறவைத்து, அரைக் கிலோவாக மட்டும் கட்டத் தொடங்குகிறார்கள். மறுபடியும் அந்த ஏழு வீட்டாருக்கே கொடுத்து, அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆறு பேர் வாடை இல்லை என்கிறார்கள். ஒருவருக்குச் சுவை முன்போல் இல்லை.

இப்போது எழுதத் தக்க அனுபவ வரலாறு ஒன்று கிடைத்துவிட்டது. "மாவில் வாடை அடித்ததாக 48 வீட்டாரில் 7 பேர் சொன்னார்கள்; அவர்களில் 6 பேர் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள். கடலையை நீக்கி, ஆறவைத்துக் கட்டினோம். அந்த 7 பேரில் 6 பேர் இப்போது வாடை இல்லை என்கிறார்கள். கடலையின் சுவை போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார்." இவ்வளவே போதும். கடைசி வாக்கியத்தை அடித்துவிட வேண்டும் என்று குழுவில் சிலர் கூறுவர். நாம் அதை வைத்துக்கொள்ளவே சொல்வோம். கடலைச் சுவையை நாடுபவர் வாங்கி ஏமாறாமல் இருக்க அது உதவும். ஏழு வீட்டைக் கொண்டு "எல்லோரும் பாராட்டுகிறார்கள்" என்று எழுதுவதுதான் கூடாது.

சொன்னவரின் சொல்லை அவர் பேச்சிலேயே எழுதி, படித்துக் காட்டி, அச்சிடச் சம்மதம் பெற்றுக் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். "பரவாயில்லை" என்றவரை "மிகவும் சிறப்பு" என்றவராக மாற்றுவது திருத்தமன்று. நற்சான்று அளிப்பவர் குழு உறுப்பினரின் தமக்கையாகவோ, இலவசமாக மாவு பெற்றவராகவோ இருப்பின் அதையும் அருகிலேயே குறிப்பிட வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வகுத்த நெறிமுறைகள், இத்தகைய தொடர்பை வெளிப்படுத்தும்படி கூறுகின்றன. சான்று சொல்பவரின் கருத்து உண்மையானதாகவும், போதிய அனுபவத்தில் எழுந்ததாகவும், அண்மைக்காலத்ததாகவும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன.

அண்மைக்காலம் என்ற சொல்லைக் குழுவினர் மறந்துவிடுகிறார்கள். கடலை சேர்ந்திருந்த காலத்து மாவைப் புகழ்ந்தவரின் சொல், கடலை இல்லாத மாவுக்குச் சான்றாகாது. செய்முறை மாறிய அன்றே பழைய துண்டுப் பிரசுரங்களின் கட்டைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அச்சுக்கூலி வீணாகிறதே என்று அவற்றைப் புதிய பொட்டலங்களோடு சேர்த்து அனுப்பிவிடும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறோம். குறைந்த எண்ணிக்கையில், ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அச்சிட்டுக்கொண்டால் இந்தச் சங்கடம் எழாது.