ஜிஎஸ்டி நோட்டீஸில் 'வேறுபாடு' 36,000 ரூபாய்: நெல்லை வியாபாரி முதலில் எதைப் பார்க்கணும்?

"விற்பனையும் கிரெடிட்டும் பொருந்தவில்லை" என்று நோட்டீஸ் வந்தால், பல கடைக்காரர்கள் தங்கள் விற்பனைக் கணக்கைத்தான் புரட்டுவார்கள். பெரும்பாலும் பிரச்னை அங்கே இருக்காது. அதில் பேசப்படும் விற்பனை உங்களுடையது அல்ல, உங்களுக்குச் சரக்கு கொடுத்தவருடையது.

ஒரு கற்பனைக் கணக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் கடையை மறுபடி நிரப்புகிறார். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மொத்த வியாபாரியிடம் 2 லட்சம் ரூபாய்க்கு ஃபேன், கேபிள் வாங்குகிறார். 18% வரி 36,000 ரூபாய். பில் கையில் இருக்கிறதே என்று மார்ச் 20-ல் போட்ட GSTR-3B-யில் அந்தக் கிரெடிட்டை எடுத்துவிட்டார்.

தூத்துக்குடிக்காரரோ தன் GSTR-1-ஐ ஜூன் 5-ல்தான் தாக்கல் செய்தார். அதனால் அந்த பில் 2024 மே மாத GSTR-2B-யில், அதாவது அடுத்த நிதியாண்டில் வந்து விழுந்தது. 2022 ஜனவரி 1 முதல் 2B-யில் தெரியும் பில்லுக்கு மட்டும்தான் கிரெடிட். ஆக, 2023-24 கணக்கில் 36,000 கூடுதலாகத் தெரிகிறது. அதிகாரி ASMT-10 அனுப்புகிறார்.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கு. 3B படிவத்தில் கிரெடிட் கட்டத்தை 2B-யிலிருந்து போர்ட்டலே நிரப்பித் தரும். மே மாதக் கணக்கைப் பார்க்காமல் 'ஓகே' கொடுத்திருந்தால், அதே 36,000 ரெண்டாவது தடவையும் ஏறியிருக்கும். பதில் எழுதும் முன் இதைத்தான் பார்க்கணும்.

ரெண்டு தடவை ஏறியிருந்தால் ஒன்றை வட்டியோடு DRC-03 மூலம் கட்டிவிடுவதே நல்லது. ஏறவில்லை என்றால் பில், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரம், மே மாத 2B, அந்த மாத 3B ஆகியவற்றை இணைத்து ASMT-11-ல் விளக்கம் தரலாம். 2023-24-க்கான கிரெடிட்டுக்கு 2024 நவம்பர் 30 வரை அவகாசம் இருந்ததால் வாதம் நிற்கும். ஆனாலும், முன்கூட்டியே எடுத்த கிரெடிட்டை வரி கட்டப் பயன்படுத்தியிருந்தால் 18% வட்டி கேட்கப்படலாம். மார்ச் 20 முதல் ஜூன் 20 வரை 92 நாளுக்கு அது சுமார் 1,633 ரூபாய்.

பதிலுக்கு வழக்கமாக 30 நாள். விளக்கம் ஏற்கப்பட்டால் ASMT-12 வரும். பதிலே போகாவிட்டால் அடுத்தது வரி கேட்கும் DRC-01 நோட்டீஸ்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த நோட்டீஸ் வீட்டுக்குத் தபாலில் வரும் என்று காத்திருக்கக் கூடாது. போர்ட்டலில் Services > User Services > View Additional Notices/Orders என்ற மூலையில் கிடக்கும். அதைப் பார்க்காமலே உத்தரவு வரை போய், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய வியாபாரிகள் நிறைய பேர். மாதம் ஒருமுறை, ஆடிட்டரை நம்பாமல் நீங்களே அதைத் திறந்து பாருங்கள்.